மாத ஓடரில் மாறிப்போன ஒரு வரி

யாழ்ப்பாண நகரில் ஒரு மொத்த விற்பனை நிறுவனத்தின் கந்தோரில் நான் வேலை செய்கிறேன். அரிசி, பருப்பு, பால்மா, சவர்க்காரம், கிருமிநாசினி என்று கடைகளுக்கும் விடுதிகளுக்கும் பராமரிப்பு இல்லங்களுக்கும் வேண்டிய சாமான்கள் எங்களிடமிருந்து லொறியில் போகும். வாடிக்கையாளர்களில் பெரும்பாலானவர்கள் மாதாமாதம் அதே சாமான்களைத்தான் எடுப்பார்கள். முன்பெல்லாம் அவர்கள் போனில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்வேன். புதிய மென்பொருள் வந்த பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு டெம்பிளேற் செய்து வைத்தோம். வழமையான சாமான்களும் அளவுகளும் அதில் சேமிக்கப்பட்டிருக்கும். விலை மட்டும் அதில் இருக்காது. அனுப்பும் நாளின் விலை தானாக வந்து விழும். வாடிக்கையாளர் தன் போனில் அதைத் திறந்து, கூட்டவேண்டியதைக் கூட்டி, குறைக்கவேண்டியதைக் குறைத்து, அனுப்பு என்று தட்டினால் போதும். டெம்பிளேற் என்ற சொல் பலருக்கு வாயில் வரவில்லை. "மாத ஓடர்" என்றே எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன்.

அதைப் பாவிக்கச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். ஒரு மாதத்து ஓடரில் செய்யும் மாற்றம் அந்த மாதத்தோடு போய்விடும், சேமித்து வைத்தது அப்படியே இருக்கும், நிரந்தரமாக மாற்றவேண்டுமென்றால் தனியாகத் திருத்திச் சேமிக்கவேண்டும் என்று போனில் எத்தனை பேருக்கு விளங்கப்படுத்தியிருப்பேன். அதனால்தான் வட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கும் முதியோர் இல்லத்தின் மிஸி அன்று அழைத்தபோது வழமையான கேள்வியைக் கேட்டேன்.

மிஸி என்று நாங்கள் சொல்வது தாதியை. அவர் ஆஸ்பத்திரியில் வேலை செய்து ஓய்வுபெற்ற பிறகு அந்த இல்லத்துக்குப் பொறுப்பாக வந்தவர். கதைக்கும்போது ஒரு சொல் வீணாகாது.

"பிள்ளை, எங்கடை மாத ஓடரிலையிருந்து சீனியை எடுத்துவிடு. சர்க்கரையையும் எடு. பனங்கட்டியையும் எடு."

"இந்த மாசத்துக்கு மட்டுமோ மிஸி, ஒரேயடியாவோ?"

"ஒரேயடியா. இனி எங்கடை குசினிக்கை இனிப்பெண்ட சாமானே வரக்கூடாது."

அவருடைய குரல் களைத்திருந்தது. ஏதும் பிரச்சினையோ என்று கேட்டேன். வழமையாக அப்படிக் கேட்டால் "ஒண்டுமில்லை" என்று வைத்துவிடுவார். அன்று சொல்லத் தொடங்கிவிட்டார். இல்லத்தில் நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில மாதங்களாகச் சீனி ஏறிக்கொண்டே போகிறதாம். கிழமைக்கொருமுறை விரலில் குத்திப் பார்க்கும்போதெல்லாம் கூடிய அளவு. வந்து பார்க்கும் டொக்ரர் குளிசைகளைக் கூட்டியிருக்கிறார். இரண்டு பேருக்கு இன்சுலினையும் கூட்டியிருக்கிறார். முன்பு லொறி ஓடிய ஒரு பெரியவருக்குக் காலில் சின்னதாக வந்த புண் ஆறாமல் பெருத்து, அவரை ஆஸ்பத்திரியில் விட்டிருக்கிறார்கள்.

"சமைக்கிறவ களவா இனிப்புக் குடுத்திருக்கிறா. கேட்டன், ஓமெண்டிட்டா. அவவை நிப்பாட்டிப்போட்டன்" என்றார்.

அந்தச் சமையல்கார அக்காவை நான் பார்த்ததில்லை. குரலைத் தெரியும். பருத்தித்துறைப் பக்கத்தவர். எங்கள் லொறி பிந்தினால் குசினியிலிருந்து அவர்தான் அழைப்பார். "தங்கச்சி, உங்கடை லொறி வழியிலை படுத்திட்டுதோ?" என்று கேட்டுச் சிரிப்பார். அவர் இப்படிச் செய்திருப்பாரா என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. ஆனால் அவரே ஓம் என்று சொல்லியிருக்கும்போது நான் என்ன சொல்ல? "சரி மிஸி, எடுத்துவிடுறன்" என்று போனை வைத்துவிட்டு, அவர்களுடைய மாத ஓடரைக் கணினியில் திறந்தேன்.

சீனியை அழித்தேன். சர்க்கரையை அழித்தேன். பனங்கட்டியைத் தேடிக் கீழே போகும்போது, முதியோருக்குக் கரைத்துக் கொடுக்கும் சத்துப் பால்மாவின் வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி தெரிந்தது. பொருள் மாற்றப்பட்டிருக்கிறது என்பதற்கான குறி அது. அதன் மேல் சுட்டியை வைத்தால் விவரம் வரும். வைத்தேன். அவர்கள் சேமித்து வைத்திருந்தது சீனி சேர்க்காத பால்மா, நீரிழிவு உள்ளவர்களுக்கானது. அதை இறக்குமதி செய்தவர்கள் நிறுத்திவிட்டதால் அந்தக் குறியீடு மூடப்பட்டிருந்தது. அதற்குப் பதிலாக அதே கம்பனியின், அதே நிறையுள்ள சாதாரணப் பால்மா விழுந்திருந்தது. சீனி சேர்த்தது.

விவரத்தை மறுபடி ஒருமுறை வாசித்தேன்.

இது எப்படி நடந்தது என்று விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. ஒரு பொருள் நின்றுபோனால், அது இருக்கிற மாத ஓடர்கள் எல்லாவற்றிலும் அந்த வரி வெறுமையாகிவிடும். வாடிக்கையாளர் சாமான் வரவில்லை என்று சத்தம் போடுவார். அதைத் தவிர்க்கத்தான் மாற்றுக் குறியீடு என்று ஒரு இடம் வைத்திருக்கிறார்கள். அதை ஒருமுறை நிரப்பிவிட்டால் மென்பொருள் எல்லா ஓடர்களிலும் பழையதை எடுத்துப் புதியதைப் போட்டுக்கொள்ளும். கணினித் திரையில் அம்புக்குறி தெரியும். போனிலும் தெரியும்தான், ஆனால் அந்த வரியைத் தட்டித் திறந்தால் மட்டுமே என்ன மாறியது என்று வரும். மாதக் கடைசியில் ஆயிரம் வேலைக்கு நடுவில் இருக்கும் ஒருவர் ஏன் அதைத் தட்டப்போகிறார்? மிஸி அனுப்பு என்பதை மட்டும் தட்டியிருக்கிறார். சாமான் இறங்கும்போது பால்மாத் தகரப் பேணிகளின் எண்ணிக்கை பில்லோடு சரியாக இருந்திருக்கும். பேணியின் படமும் எழுத்தும் ஒன்றுபோலவே இருக்கும், கீழே ஒரு சின்ன வரி மட்டும் வேறு. அங்கே பேணிகளை உடைத்துப் பெரிய போத்தல்களில் கொட்டி வைத்துவிடுவார்கள் என்று பிறகு அறிந்தேன். சமையல்கார அக்கா அந்தப் போத்தலிலிருந்துதான் காலையும் பின்னேரமும் எல்லோருக்கும் கரைத்துக் கொடுத்திருக்கிறார்.

மாற்றுக் குறியீடுகளை நிரப்புவது முதலாளியின் வேலை. எழுந்து அவருடைய அறைக்குப் போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. என் கலியாணத்துக்கு வந்து பந்தியில் நின்று பரிமாறியவர். நான் சொல்லச் சொல்ல அவருடைய முகம் வெளிறிக்கொண்டு வந்தது. தன் கணினியைத் திறந்து அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தார்.

"நான்தான் போட்டிருக்கிறன்" என்றார். "கனக்கச் சாமான் ஒரேயடியா நிண்ட நேரம். அதே கம்பனி, அதே நிறை... பேரைப் பாத்துப் போட்டனான்."

பிறகு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்பவே மாத ஓடரைத் திருத்திவிடு. வேறை கம்பனியின்ரை சீனியில்லாதது ஸ்டோரிலை கிடக்கு. அதைப் போட்டுச் சேமி. வாற லொறியிலை சரியானது போகட்டும்."

"அவைக்கு என்னெண்டு சொல்ல, சேர்?"

"ஒண்டும் சொல்லத் தேவையில்லை. மாறினது பில்லிலை இருக்கு. பாக்கவேண்டியது அவை. நாங்களாப் போய்ப் பிழையெண்டால் நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போன ஆளின்ரை சனமும் எங்களிட்டைத்தான் வரும்."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதுபோல அந்தக் கணம் எனக்கும் பட்டது. இனிமேல் சரியானது போகும், பிரச்சினை முடிந்துவிடும். தலையாட்டிவிட்டுக் கதவு வரை வந்தேன்.

கதவடியில்தான் என் அப்பாவின் ஞாபகம் வந்தது. அவருக்கும் நீரிழிவு. புத்தூரில் தோட்டத்துக்கு இறைக்கப் போன ஒரு காலை, குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிட மறந்து போயிருந்தார். வாய்க்கால் வரம்பில் வேர்த்து, நடுங்கி, எங்களை யாரென்று தெரியாமல் இருந்தவரை வண்டிலில் ஏற்றிக்கொண்டு போனோம். சீனி ஏறுவதை விட இறங்குவது கெதியாக ஆளைக் கொல்லும் என்று அன்று ஆஸ்பத்திரியில் டொக்ரர் எங்களை ஏசினார்.

திரும்பி வந்தேன்.

"சேர், டொக்ரர் மருந்தைக் கூட்டியிருக்கிறார். இந்தப் பால்மாவைக் குடிச்சு ஏறின சீனிக்குத்தான் கூட்டினவர். சீனியும் சர்க்கரையும் குசினியிலை இல்லையெண்டாச்சு. இப்ப நாங்கள் பேசாமல் பால்மாவையும் மாத்தினால், கூட்டின மருந்து அப்பிடியே இருக்கும். சீனி இறங்கி ஆரும் படுக்கையிலை விழுந்திடுவினம்."

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. மேசையில் இருந்த தண்ணீர்க் கோப்பையை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

"எடுத்துக் கதை" என்றார் கடைசியில். "மாறிப் போட்டுதெண்டு சொல்லு. ஆர் மாத்தினதெண்டு சொல்லாதை."

நான் அங்கேயே நின்று அழைத்தேன். பால்மா மாறிப் போனதையும், கூட்டிய மருந்தைப் பற்றி டொக்ரரிடம் கேட்கவேண்டும் என்பதையும் மிஸியிடம் சொன்னேன்.

"பொறு, ஒரு பேணியைப் பாத்துக்கொண்டு வாறன்" என்றார். ஸ்டோரில் உடைக்காத பேணி இருந்திருக்கிறது. அவர் நடந்து போவதும், அலுமாரி திறபடுவதும், பேணியை எடுத்து மேசையில் வைப்பதும் கேட்டது. பிறகு நீளமாக ஒரு மூச்சு.

"கண்ணாடியோடை பாத்தாத்தான் தெரியுது. நான் ஒரு மிஸி. இதைக்கூட வாசிக்காமல் விட்டிருக்கிறன்."

"எங்கடை பக்கத்திலை மாறினது, மிஸி. நீங்கள் கேட்டது சரியானதுதான்" என்றேன். முதலாளி எதிரில் இருந்தார். அவர் என்னைத் தடுக்கவில்லை.

டொக்ரர் அன்று பின்னேரமே இல்லத்துக்கு வந்தார். பழைய அளவுக்கு ஒரேயடியாகத் திரும்பவேண்டாம், பால்மாவை மாற்றும் நாளிலிருந்து ஒவ்வொருவருக்கும் நாளுக்குப் பலதரம் குத்திப் பார்த்துப் படிப்படியாகக் குறைப்போம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்படியிருந்தும் ஒரு அம்மாவுக்குச் சீனி இறங்கி வேர்த்துவிட்டதாம். எதிர்பார்த்துக் கவனித்துக்கொண்டிருந்தபடியால் உடனே கண்டுபிடித்துச் சீனித்தண்ணி கொடுத்தார்கள். அதைக் கொடுக்கக் குசினியில் சீனி இருக்கவில்லை. பக்கத்து வீட்டில் வாங்கினார்களாம். இதை மிஸி எனக்குச் சொன்னபோது எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

லொறி ஓடிய பெரியவருக்கு ஒரு கால்விரலை எடுத்துவிட்டார்கள். முதலாளி நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. வாட்டுக்கு வெளியே நீள வாங்கில் இருந்தபடி, பெரியவருக்கு வைத்தியம் செய்த டொக்ரரிடம் அவர் நேரடியாகவே கேட்டார், பால்மாவால்தானா என்று. "அதாலைதான் எண்டும் சொல்லேலாது, அதாலை இல்லையெண்டும் சொல்லேலாது. புண் முதலே இருந்தது. சீனி கட்டுப்பாட்டிலை இருந்திருந்தால் ஆறியிருக்கவும் கூடும்" என்றார் அவர். திரும்பி வரும் வழியில், யாராவது முதலாளியைத் திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்குமோ என்று யோசித்தேன்.

சில நாட்கள் கழித்து மிஸி மறுபடி அழைத்தார். ஓடருக்காக இல்லை.

"பிள்ளை, நான் பருத்தித்துறைக்குப் போகப்போறன், அவவிட்டை. நீயும் வாறியே? நான் தனியப் போய்ச் சொன்னால், ஆள் கிடைக்கேல்லையெண்டு கூப்பிட வந்திருக்கிறா எண்டு நினைப்பா. கொம்பனி ஆள் சொன்னால் விளங்கும்."

ஒரு சனிக்கிழமை பின்னேரம் பஸ்ஸில் போனோம். மிஸி யன்னல் பக்கம் இருந்தார். மடியில் வைத்திருந்த கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே வந்தார். கடற்கரைக்குப் பக்கத்து ஒழுங்கையில் சமையல்கார அக்காவின் வீடு. அவர் முற்றத்தில் குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். சந்தையில் ஒருவருக்காக வெட்டிக் கொடுக்கிற வேலை கிடைத்திருந்தது. நான் நினைத்ததை விடச் சின்ன உருவம். எங்களைக் கண்டதும் கத்தியை வைக்கவும் இல்லை, எழும்பவும் இல்லை. "வாங்கோ" என்றார், அவ்வளவுதான்.

நான்தான் சொன்னேன். பால்மா எப்படி மாறியது, ஏன் ஒருவருக்கும் தெரியாமல் போனது, மாத ஓடர் என்றால் என்ன என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மீனின் செதிலைத் தேய்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் கையைத் தண்ணீரில் அலம்பினார்.

"அப்ப நான் என்ரை கையாலைதான் கரைச்சுக் குடுத்திருக்கிறன்" என்றார்.

"உனக்குத் தெரியாது தானே" என்றார் மிஸி.

"தெரியாது. ஆனா என்ரை கைதான்." அவர் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். "மிஸி, நான் பனங்கட்டி குடுத்தது உண்மை. ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சேக்கை, எனக்கொரு சின்னத் துண்டு தா எண்டு அந்த லொறி ஓடின பெரியவர் கையை நீட்டினவர். குடுத்தனான். ஒருக்காத்தான். நீங்கள் வந்து இனிப்புக் குடுத்தனியோ எண்டு கேட்டனீங்கள். நான் பொய் சொல்லேல்லை, ஓம் எண்டனான். அதுக்குப் பிறகு நான் சொன்ன ஒண்டையும் நீங்கள் கேக்கேல்லை."

"பிழைதான்" என்று மிஸி இரண்டு தடவை சொன்னார். நான் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"திரும்பி வா. உன்ரை இடத்திலை நான் ஒருத்தரையும் நிரந்தரமா வைக்கேல்லை."

"வரமாட்டன் மிஸி." கோபமாகச் சொல்லவில்லை. "அங்கை இருக்கிற எல்லாரும் நான் வெளியிலை போனதைப் பாத்தவை. இனி நான் ஒரு கோப்பை தேத்தண்ணி குடுத்தாலும் அதுக்குள்ளை என்ன கிடக்கெண்டு ஆரும் பாப்பினம். எனக்கும் கை நடுங்கும்." பிறகு கேட்டார்: "பெரியவர் எப்பிடி?"

விரல் எடுத்ததை மிஸி சொன்னார். வேறொன்றையும் சொன்னார்: தான் பனங்கட்டி கேட்டதால்தான் சமைக்கிற பிள்ளைக்கு வேலை போனது என்று அந்த மனிதர் சொல்லிச் சொல்லி அழுகிறாராம், சாப்பிடுவதும் இல்லையாம். பால்மாக் கதையைச் சொல்லியும் அவர் நம்பவில்லையாம். தன்னை ஆற்றுவதற்குச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறாராம்.

சமையல்கார அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்த அழுகை நிற்க நீண்ட நேரம் எடுத்தது. போகும்போது எங்களுக்கு ஒரு பையில் மீன் கட்டித் தந்தார். மிஸி மறுத்தும் விடவில்லை.

அவர் வேலைக்குத் திரும்பவில்லை. ஆனால் அடுத்த கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பெரியவரின் கட்டிலடியில் இருந்துவிட்டு வந்திருக்கிறார். என்ன கதைத்தார்கள் என்று மிஸிக்கும் தெரியாது. அதற்குப் பிறகு பெரியவர் சாப்பிடத் தொடங்கினார் என்று மட்டும் சொன்னார்.

எங்கள் கந்தோரில் சில விஷயங்கள் மாறின. ஒரு பொருள் நின்றுபோனால் இப்போது மாற்றுக் குறியீட்டை நிரப்புவதில்லை. அந்த வரியை வெறுமையாகவே விட்டு, அது இருக்கிற ஒவ்வொரு வாடிக்கையாளரையும் நான் அழைத்துக் கேட்கிறேன். சிலர் எரிந்து விழுவார்கள். "பழையபடி எல்லாத்தையும் போனிலையே சொல்லவேண்டிக் கிடக்கு" என்பார்கள். முதலாளி அதைக் கேட்டாலும் ஒன்றும் சொல்வதில்லை. என்னோடு முன்புபோலப் பகிடி விடுவதும் இல்லை. என்னைக் காணும்போது அவருக்கு அந்த நாள் நினைவுக்கு வருகிறது போலும். முதியோர் இல்லம் இன்னும் எங்களிடம்தான் எடுக்கிறது. மிஸி இப்போது அனுப்பு என்பதைத் தட்டமாட்டார். என்னை அழைத்து, ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்பார்.

ஒன்று மட்டும் இன்னும் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. அன்றே, அந்தப் பால்மா வேறு யாருடைய மாத ஓடரில் இருந்தது என்று தேடினேன். ஒரு கடை வந்தது. சந்தி ஒன்றில் இருக்கும் சின்னப் பலசரக்குக் கடை. கடைக்காரருக்கும் அதேபோல மாறித்தான் போயிருந்தது. அழைத்துச் சொன்னேன்.

"விக்காமல் கிடக்கிறதைத் திருப்பி எடுங்கோ" என்றார். "வித்தது வித்ததுதான் பிள்ளை. வாங்கினவை ஆரெண்டு நான் என்னெண்டு சொல்ல?"

"சீனி வருத்தக்காரர்தானே அதைக் கேட்டு வாங்குறவை, அண்ணை. தெரிஞ்ச முகம் இருக்காதோ?"

"சிலதுகள் தெரியும். சிலதுகள் வழியாலை போறதுகள்."

அவர் நல்ல மனிதர். மட்டையில் பெரிதாக எழுதிக் கடை வாசலில் தொங்கவிட்டார். தெரிந்தவர்களின் வீடுகளுக்கு ஆளனுப்பினார். கொஞ்சப் பேணிகள் திரும்பி வந்தன. சில பாதி முடிந்தவை. மற்றவற்றைப் பற்றி நான் பிறகும் பலதரம் அழைத்துக் கேட்டேன். கடைசித் தடவை, "பிள்ளை, நானும் யோசிக்கிறனான்தான். ஆனா இனி எங்கை போய்த் தேடுறது?" என்றார். போனை வைத்துவிட்டு, காத்திருந்த அடுத்த ஓடரைத் திறந்தேன்.